ஒரே கப்பைப் பத்து முறை அளந்தால் அது பத்து பிளாங்கா?

மூன்றுசிக்மா:
ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லக்கூடிய மிகக் குறைந்த அளவு, அதுதான் எல்ஓடி, அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. சாம்பிள் சேர்க்காத வெறும் கரைசல், அதாவது ஒரு பிளாங்கைக் கப்பில் ஊற்றிப் பத்து ரீடிங் எடுங்கள். திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கிக் கேலிபரேஷன் கோட்டின் ஸ்லோப்பால் வகுத்தால் எல்ஓடி, பத்தால் பெருக்கி வகுத்தால் நம்பி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவான எல்ஓக்யூ. அரை மணி நேர வேலை. கிராஃபைட் ஃபர்னஸில் ஈயத்துக்கு எனக்கு 0.11 பிபிபி வந்தது. கதை முடிந்தது.

அமிலக்கை:
இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. நீங்கள் அளந்தது பிளாங்கை அல்ல, ஆட்டோசாம்ப்ளரின் கை நடுங்குகிறதா இல்லையா என்பதை. கப் ஒன்று, அதிலுள்ள ஆசிட் ஒன்று. அதையே பத்து தடவை உறிஞ்சி ஃபர்னஸுக்குள் விட்டால் பத்தும் ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்? உங்கள் சாம்பிள் நேராகக் கப்பில் வந்து குதிக்கிறதா? அது எடை போடப்பட்டு, நைட்ரிக் ஆசிட்டில் மணிக்கணக்கில் வெந்து, ஆறி, 50 மில்லிக்கு நிரப்பப்பட்டு வருகிறது. அந்தப் பாதையில் பிளாங்கும் நடந்தால்தான் அது பிளாங்க்.

மூன்றுசிக்மா:
வந்துவிட்டார் வாத்தியார். கருவியை நிறுவ வந்த எஞ்சினியரே இப்படித்தான் செய்து காட்டினார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?

அமிலக்கை:
அவர் கருவியை விற்க வந்தவர். கருவியின் எல்லையைக் காட்டிவிட்டுப் போனார், அது அவர் வேலை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது அவரா, நீங்களா?

சரி, பேச்சை விட்டு எண்ணுக்கு வருவோம். இதே ஈயம், 283.3 நானோமீட்டர். நானும் முதலில் உங்களைப் போலவே ஒரே கப்பில் பத்து ரீடிங் எடுத்தேன். அப்சார்பன்ஸ் 0.0038க்கும் 0.0044க்கும் நடுவிலேயே நின்றது. திட்டவிலக்கம் 0.00018, ஒரு பிபிபிக்கு ஸ்லோப் 0.005. மூன்றால் பெருக்கி வகுத்தால் உங்கள் அதே 0.11. எல்ஓக்யூ 0.36.

அப்புறம் ஐந்து நாள், நாளுக்கு சாம்பிளை வேகவைக்கும் இரண்டு வெசல். உள்ளே சாம்பிள் கிடையாது, மற்றபடி அதே ஆசிட், அதே சூடு, அதே 50 மில்லி. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ரீடிங்:

```
0.0038  0.0055  0.0041  0.0072  0.0047
0.0036  0.0061  0.0044  0.0052  0.0054
```

திட்டவிலக்கம் 0.00111. எல்ஓடி 0.67, எல்ஓக்யூ 2.2. ஆறு மடங்கு! கருவி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. கப்பை மட்டும்தான் மாற்றினேன்.

ஓரத்து_நாற்காலி:
இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மூன்றால் பெருக்குவதே பழைய பழக்கம், ஐசிஎச் வழிகாட்டியில் 3.3 என்றிருக்கிறது. உண்மையில் இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் தவறுக்கு 1.645, இருப்பதை இல்லை என்று சொல்லும் தவறுக்கு இன்னொரு 1.645. கூட்டினால் 3.29. முதலில் இதைச் சரி செய்யுங்கள், கப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அமிலக்கை:
நாற்காலி ஐயா, கணக்கு சரிதான். ஆனால் 3ஐ 3.3 ஆக்கினால் 0.11 என்பது 0.12 ஆகும். கப்பை மாற்றினால் 0.67 ஆகும். வீடு பற்றி எரிகிறது, நீங்கள் ஜன்னல் திரை கோணலாக இருக்கிறது என்கிறீர்கள்.

ஓரத்து_நாற்காலி:
கோணலைக் கோணல் என்றுதான் சொல்ல முடியும்.

மூன்றுசிக்மா:
உங்கள் பத்து எண்ணையும் பார்த்தேன். 0.0036 ஒரு பக்கம், 0.0072 ஒரு பக்கம். இரண்டு மடங்கு ஆட்டம்! இதில் முறையின் எல்லை எங்கே தெரிகிறது? உங்கள் லேபின் அழுக்குதான் தெரிகிறது. வெசலை ஒழுங்காகக் கழுவாதவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

அமிலக்கை:
அழுக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆசிட்டில் கொஞ்சம், வெசல் சுவரில் கொஞ்சம், ஹூடில் விழுகிற தூசியில் கொஞ்சம். ஆனால் அதே வெசலில்தானே நாளைக்கு சாம்பிளும் வேகப்போகிறது? அழுக்கு பிளாங்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு சாம்பிளுக்கு வழி விட்டு நிற்குமா? சராசரி அழுக்கைக் கழித்துவிடலாம். நாளுக்கு நாள் கூடிக்குறையும் அழுக்கைக் கழிக்க முடியாது. எல்லையைத் தீர்மானிப்பது அந்த ஆட்டம்தான். வெசலை இன்னும் நன்றாகக் கழுவினால் 0.67 இறங்கும், இறங்கட்டும். ஒரே கப்பில் உட்கார்ந்துகொண்டு இறங்கிவிட்டது என்று சொல்வதுதான் ஏமாற்று.

மூன்றுசிக்மா:
அந்த 0.0072 அவுட்லையர். அதை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

அமிலக்கை:
போட்டாயிற்று. 0.51 வருகிறது. அப்போதும் உங்கள் 0.11ஐப் போல ஐந்து மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அதை எடுக்க எனக்கு உரிமை இல்லை. கிரப்ஸ் சோதனையில் 1.98 வருகிறது, பத்து மதிப்புகளுக்கு 5 சதவீதத்தில் 2.29ஐத் தாண்டினால்தான் வெளியே தள்ள முடியும். அன்றைக்கு வெசல் உடைந்தது, மூடி திறந்து கிடந்தது என்று நோட்டில் எழுதியிருந்தால் வேறு கதை. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எடுப்பது போன வருடம் கேலிபரேஷன் கோட்டைப் பூஜ்யத்தின் வழியாக இழுத்தீர்களே, அந்தப் பழக்கம்.

மூன்றுசிக்மா:
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? பூஜ்யம் பிபிபிக்குப் பூஜ்யம் சிக்னல், அதில் என்ன தப்பு? அன்றைக்கும் நீங்கள் பாதியில்தான் ஓடினீர்கள்.

அமிலக்கை:
ஓடவில்லை, தூங்கப் போனேன். பிளாங்கே 0.005 காட்டும்போது பூஜ்யத்துக்குப் பூஜ்யம் எங்கிருந்து வரும்?

நீலச்சொட்டு:
அண்ணா, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எச்பிஎல்சியில் வேலை செய்கிறேன். என் பிளாங்கில் பீக்கே வருவதில்லை, பத்து முறையும் ஏரியா பூஜ்யம். திட்டவிலக்கமும் பூஜ்யம். அப்படியானால் என் எல்ஓடி பூஜ்யம் என்று எழுதலாமா?

மூன்றுசிக்மா:
எழுது தம்பி, அமிலக்கை அண்ணன் கையெழுத்துப் போடுவார்.

வெண்துகள்:
தம்பியைக் கிண்டல் செய்யாதீர்கள், நியாயமான கேள்வி. பீக் இல்லை என்றால் சாப்ட்வேர் எதையும் கூட்டவில்லை என்றுதான் பொருள், ஆட்டமே இல்லை என்று பொருள் இல்லை. பேஸ்லைனைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஆடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வேலைக்கு வெறும் பிளாங்க் உதவாது. பீக் தெரிகிறதா இல்லையா என்ற அளவில் தெரிந்த அளவு பொருளை மிகக் குறைந்த ஸ்பைக்காகப் போட்டு, ஏழெட்டு சாம்பிளைத் தனித்தனியாகத் தயாரித்து, அவற்றின் திட்டவிலக்கத்தை எடுங்கள். ஸ்பைக் அதிகமாகிவிட்டால் விலக்கமும் பெரிதாகத் தெரியும், அதையும் கவனியுங்கள்.

நீலச்சொட்டு:
நன்றி அக்கா. தனித்தனியாக என்றால் ஒரே வயலை ஏழு முறை இன்ஜெக்ட் செய்தால் போதாதா?

அமிலக்கை:
பார்த்தீர்களா சிக்மா, உங்கள் நோய் பரவுகிறது.

வெண்துகள்:
அமிலக்கை, உங்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. தனித்தனி பிளாங்க் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பத்தே பத்து மதிப்பில் எடுத்த திட்டவிலக்கம் எவ்வளவு ஆடும் தெரியுமா? 95 சதவீத இடைவெளி போட்டால் உண்மையான விலக்கம் உங்கள் எண்ணில் 0.69 மடங்காகவும் இருக்கலாம், 1.83 மடங்காகவும் இருக்கலாம். அதாவது உங்கள் 0.67 என்பது 0.46க்கும் 1.2க்கும் நடுவில் எங்கோ. அதை இரண்டாவது தசமம் வரை சொல்லிக் கொடி நாட்டுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தவிர, நாளுக்கு இரண்டு வெசல் வைத்தீர்கள். அந்த இரண்டும் ஒரே நாள் ஆசிட், ஒரே நாள் கேலிபரேஷன். முழுக்கத் தனித்தனி என்றும் சொல்ல முடியாது.

அமிலக்கை:
அக்கா, 0.46 என்று வைத்தாலும் 0.11 அதற்குள் வரவில்லையே. நான் பேசுவது ஒரே கப் பற்றி.

வெண்துகள்:
அது எனக்கும் தெரிகிறது. நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

மூன்றுசிக்மா:
ஆக உங்கள் எண்ணும் கேள்விக்குறிதான்! இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அமிலக்கை:
முதலிலிருந்து நீங்கள் சொன்னது அரை மணி நேர வேலை என்பது மட்டும்தான். சரி, யார் எண் சரி என்று வாயால் பேச வேண்டாம். உங்கள் எல்ஓக்யூ 0.36 என்றால் 0.4 பிபிபியை நம்பிக்கையாக அளக்க முடிய வேண்டும். ஏழு காலி வெசலில், கடைசி கரைசலில் 0.4 வரும்படி ஈயம் சேர்த்து, வெவ்வேறு நாளில் வேகவைத்து, அன்றன்றைய பிளாங்க் ஒன்றைக் கழித்தேன். கிடைத்தது:

```
0.1  0.7  0.4  -0.1  0.6  0.2  0.8
```

சராசரி 0.39. அதை மட்டும் காட்டினால் ஆஹா என்பார்கள். தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று மைனஸில் போயிருக்கிறது, ஒன்று இரண்டு மடங்கு. திட்டவிலக்கம் 0.33. இந்த அளவில் வாடிக்கையாளருக்கு எந்த எண்ணைக் கொடுப்பீர்கள்? 0.8ஆ, மைனஸ் 0.1ஆ?

ஓரத்து_நாற்காலி:
பிளாங்கின் திட்டவிலக்கம் 0.22 பிபிபிதானே, இங்கே 0.33 எப்படி வந்தது? கழிக்கிற பிளாங்கும் ஆடும், அதனால் ரூட் இரண்டு மடங்கு, 0.31. அப்படியானால் உங்கள் 0.67ம் குறைவு. இதைத்தான் நான் முதலில் பேசச் சொன்னேன்.

அமிலக்கை:
நீங்கள் முதலில் பேசச் சொன்னது 3.3ஐ.

ஓரத்து_நாற்காலி:
இரண்டும் ஒரே விஷயம்தான்.

வெண்துகள்:
இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ரூட் இரண்டு பற்றி அவர் சொல்வது சரி. ஒரே ஒரு பிளாங்கைக் கழிப்பதாக இருந்தால் 0.67ஐ 0.95 என்று மாற்ற வேண்டும். நாளுக்கு நாலைந்து பிளாங்க் வைத்துச் சராசரியைக் கழித்தால் அவ்வளவு ஏறாது.

அமிலக்கை:
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிக்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றுசிக்மா:
பதில் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் அழுக்கு வெசலில் நீங்கள் போட்ட ஸ்பைக், நீங்கள் எடுத்த ரீடிங். என் கருவியில் 0.11தான். மூன்று வருடமாக அந்த எண்ணைத்தான் கொடுக்கிறேன், ஆடிட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அமிலக்கை:
கேட்கவில்லை என்றால் சரி என்று அர்த்தமா? அமெரிக்க இபிஏவின் முறையை எடுத்துப் பாருங்கள். ஏழு பிளாங்க், ஏழு ஸ்பைக், குறைந்தது மூன்று வெவ்வேறு நாளில் தயாரிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வெசல் கழுவத் தெரியாதோ? நாளைக்கே ஏழு வெசலை வையுங்கள், 0.4 போடுங்கள், ஏழு எண்ணையும் இங்கே ஒட்டுங்கள்.

மூன்றுசிக்மா:
எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அமிலக்கை:
அரை மணி நேரத்தில் முடிகிற வேலையா?

நீலச்சொட்டு:
அக்கா, ஒரே வயலா, ஏழு வயலா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நாளைக்குக் காலையில் தொடங்க வேண்டும்.

வெண்துகள்:
வயல் எண்ணிக்கை இல்லை தம்பி, ஏழு தடவை முதலிலிருந்து தயாரிக்க வேண்டும். ஒரே நாளில் ஏழையும் முடித்துவிடாதீர்கள்.

மூன்றுசிக்மா:
தம்பி, ஒரே வயல் போதும். என்னை நம்பு.