‘வடக்குமாசி வீதி வீடு’ குழுவில் கடைக்குப் பெயர் தேடிய ஞாயிற்றுக்கிழமை

கவிதா, காலை 7:10
அனைவருக்கும் வணக்கம். பைபாஸ் சாலையில் காளவாசல் பக்கம் பார்த்த கடையை அப்பா பேசி முடித்துவிட்டார். மருந்துக் கடை உரிமத்திற்கு நாளை விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் இன்று மாலைக்குள் பெயர் முடிவாக வேண்டும். பார்த்தவுடன் நம்பிக்கை தருவதாகவும், அந்த நெரிசலில் பளிச்சென்று கண்ணில் படுவதாகவும் ஒரு பெயர் சொல்லுங்கள்.

பிரபு (ஷார்ஜா), காலை 7:14
வாழ்த்துகள் கவிதா! ஆணா, பெண்ணா? நட்சத்திரம் என்னவென்று சொன்னால் முதல் எழுத்து பார்த்துச் சொல்கிறேன்.

கவிதா, காலை 7:15
அண்ணா, பெயர் கடைக்கு. எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை.

மீனா அத்தை, காலை 7:21
அதை முதலில் பேசியிருக்கலாம். இருக்கட்டும், பெயருக்கு ஏன் அலைய வேண்டும்? எங்கள் அம்மாவின் பெயரை வை. ‘வடிவாம்பாள் மருந்தகம்’. வீட்டைத்தான் விற்றுவிட்டீர்கள், பெயராவது மிஞ்சட்டும்.

குமார் மாமா, காலை 7:30
அத்தையின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடைக்கு முன்பணம் கொடுத்த இடத்தில் எங்கள் அப்பா பெயரும் நினைவுக்கு வந்திருக்கலாம். ‘சண்முகா பார்மஸி’ என்றால் நவீனமாகவும் இருக்கும். பக்கத்தில் பெரிய சிவப்புப் பிளஸ் குறி, கீழே ‘24 மணி நேரம்’. தூரத்திலிருந்தே தெரியும்.

அம்மா, காலை 7:31
குமார், பணப் பேச்சு இங்கே வேண்டாம்.

ராஜா சித்தப்பா, காலை 8:05
மச்சான் ஒரே வரியில் நான்கு சிக்கல்களை வைத்திருக்கிறார். முப்பது வருடம் மருந்து மொத்த வியாபாரத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சிவப்புச் சிலுவை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்புச் சின்னம். 1960 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதை வியாபாரத்திற்குப் பயன்படுத்துவது குற்றம். அபராதம் ஐந்நூறு ரூபாய் வரைதான் என்பதால் யாரும் பயப்படுவதில்லை, சாலையெங்கும் அதைப் பார்க்கலாம். இருந்தாலும் புதிதாகத் தொடங்கும் நாம் பச்சைச் சிலுவை வைப்போம். மருந்துக் கடை என்று அதைப் பார்த்தே மக்களுக்குத் தெரியும்.

அடுத்தது ‘24 மணி நேரம்’. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் நேரமெல்லாம் பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருந்தாக வேண்டும். நம்மிடம் இருப்பது கவிதா ஒருத்திதான். இரவு இரண்டு மணிக்குப் பலகையை நம்பி வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால், அதன் பிறகு பகலிலும் வர மாட்டார்.

குமார் மாமா, காலை 8:09
பிளஸ் குறியே கூடாது என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். பச்சைக்கும் அனுமதி வாங்க வேண்டுமாம்.

ராஜா சித்தப்பா, காலை 8:16
நண்பர் பாதி சரி. சிவப்புக்குத்தான் அந்தத் தடை, பச்சைக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

மூன்றாவது ‘பார்மஸி’ என்ற சொல். 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65 ஆவது விதியின்படி, சீட்டைப் பார்த்து மருந்தைக் கலந்து தயாரித்துத் தரும் வசதி உள்ள கடைதான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். மருந்தாளுநரை வைத்துக்கொண்டு, ஆயத்த மருந்தை மட்டும் விற்கும் நம்மைப் போன்ற கடைக்கு ‘கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்’ என்பதுதான் விதிப்படியான பெயர். இதற்காக யார் மீதாவது நடவடிக்கை எடுத்து நான் பார்த்ததில்லை, பாதிக் கடைகள் பார்மஸி என்றுதான் எழுதியிருக்கின்றன. ஆனாலும் நம் உரிம மனுவிலேயே அந்தக் கேள்விக்கு இடம் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நான்காவது சிக்கல் முன்பணம். அதற்குள் நான் போகவில்லை.

பெரியப்பா, காலை 8:40
தமிழில் ‘மருந்தகம்’ என்ற அழகான சொல் இருக்கும்போது எதற்கு இந்தப் போராட்டம்? என் யோசனை ‘மக்கள் மருந்தகம்’. எளிமை, பொதுமை, ஓசை மூன்றும் அதில் இருக்கின்றன.

கவிதா, காலை 8:44
பெரியப்பா, பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரதமர் திட்டத்தின் ஜன் ஔஷதி கடைகளைத் தமிழில் மக்கள் மருந்தகம் என்றுதானே சொல்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ‘முதல்வர் மருந்தகம்’ வேறு தொடங்கிவிட்டது. அந்தப் பெயரைப் பார்த்து வருபவர், குறைந்த விலை ஜெனரிக் மாத்திரையை எதிர்பார்த்து வருவார். நாம் பிராண்டு மாத்திரையின் விலையைச் சொன்னதும் ஏமாற்றுக் கடை என்று நினைத்துவிடுவார்.

பெரியப்பா, காலை 8:47
நியாயம். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பிரபு (ஷார்ஜா), காலை 9:02
ஊரெல்லாம் தெரிந்த பெரிய மருந்துக் கடை நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்தால் என்ன? விளம்பரச் செலவே இல்லை. எண் கணிதப்படி கூட்டுத்தொகை ஐந்தும் வரும்.

ராஜா சித்தப்பா, காலை 9:20
வக்கீல் நோட்டீஸும் வரும். வணிகச் சின்னங்களில் எழுத்தை மட்டுமல்ல, காதில் விழும் ஓசையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதிவேட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். மருந்துக்கு 5 ஆவது வகுப்பு, கடை வியாபாரத்திற்கு 35 ஆவது வகுப்பு, இரண்டிலும் கவிதா தேடிப் பார்க்கட்டும்.

அதைவிட அன்றாடத் தொல்லை ஒன்று உண்டு. என் கிடங்கில் ஸ்ரீ முருகன் மெடிக்கல்ஸ் என்ற பெயரிலேயே பல கடைகளுக்குக் கணக்கு இருந்தது. சரக்கு ஏற்றும் பையன் அட்டைப் பெட்டியின் மேல் மார்க்கரில் ‘முருகன் – காளவாசல்’, ‘முருகன் – செல்லூர்’ என்று எழுதி வைப்பான். எழுத மறந்த நாளில் ஒரு கடையின் இன்சுலின் இன்னொரு கடையின் குளிர்பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். ஆட்டோக்காரரிடம் சொன்னாலும், கைப்பேசியில் தேடினாலும் இதே கதிதான். அதனால் அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும்.

மீனா அத்தை, காலை 9:24
வடிவாம்பாள் என்ற பெயரில் அங்கே எந்தக் கடையும் இல்லை. நான் அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறேன்.

பாண்டி அண்ணன், காலை 10:15
இப்போதுதான் பட்டறையைத் திறந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பலகை செய்யப்போகிறவன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன். கடையின் முகப்பு 12 அடி, பலகைக்குக் கிடைக்கும் உயரம் 3 அடி. எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் ஏறக்குறைய பத்து அடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது எங்கள் தொழில் வழக்கு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்குப் பதினோரு மீட்டர் ஓடும். படித்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்ட நான்கு நொடியாவது வேண்டும். ஆக, ஏறக்குறைய 150 அடிக்கு முன்பே பெயர் தெரிய வேண்டும். அதற்கு 15 அங்குல எழுத்து தேவை.

இப்போது ‘வடிவாம்பாள் மருந்தகம்’ என்று எழுதிப் பாருங்கள். பன்னிரண்டு எழுத்துகள், அதிலும் ‘வா’வும் ‘பா’வும் இரட்டை அகலம். நடுவில் ஓர் இடைவெளியும் விட்டு 144 அங்குலத்தில் அடக்கினால் எழுத்து பத்து அங்குலத்திற்குக் கீழே இறங்கிவிடும். ‘வடிவு மருந்தகம்’ என்றால் ஒன்பதே எழுத்துகள், 15 அங்குலத்தில் நெருக்கி அடங்கும்.

கவிதா, காலை 10:19
ஆங்கிலமும் வேண்டும் அண்ணா. பக்கத்து மருத்துவமனைக்கு வெளிமாநிலத்தவர்களும் வருகிறார்கள்.

பாண்டி அண்ணன், காலை 10:26
வைக்கலாம். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று பங்கு என்பது கடைப் பலகைகளுக்கான அரசு அளவு, தமிழ் மேலே வர வேண்டும். தமிழ் 15 அங்குலம் என்றால் ஆங்கிலம் 9 அங்குலம். இரண்டும் சேர்ந்து 24, மீதி 12 அங்குலம் மூச்சு விடும் இடம். அந்த இடத்தில் மாத்திரைப் படம், இதயப் படம், சிரிக்கும் குழந்தைப் படம் எதையும் வைக்கச் சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால்தான் எந்தப் பலகையும் தெரிவதில்லை.

இன்னொன்று. முகப்புப் பலகை எதிர்ச் சாரியில் நிற்பவருக்குத்தான் நேராகத் தெரியும், அவரோ நடுவில் தடுப்பு இருப்பதால் வர முடியாது. நம் பக்கம் வருகிறவர் அதைச் சாய்வாகத்தான் பார்ப்பார். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் இரண்டடிப் பலகை ஒன்றில் பச்சைச் சிலுவையும் ‘மருந்து’ என்ற ஒரு சொல்லும் மட்டும் போதும். அவசரத்தில் வருகிறவர் முதலில் கடையின் பெயரைத் தேடுவதில்லை, மருந்துக் கடையைத்தான் தேடுகிறார். பெயர் இரண்டாம் முறை வருவதற்குத்தான். நீட்டுப் பலகைக்கு மாநகராட்சியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீனா அத்தை, காலை 10:31
அம்மாவை எல்லோரும் வடிவு என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குச் சம்மதம்.

குமார் மாமா, காலை 10:33
‘சண்முகா’ இன்னும் சிறியது. எண்ணிப் பாருங்கள், நான்கே எழுத்துகள்.

பாண்டி அண்ணன், காலை 10:35
மாமா, வடிவு மூன்று. அதோடு ‘ண்’ணும் ‘மு’வும் தூரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

குமார் மாமா, காலை 10:36
பாண்டி எப்போதும் அந்தப் பக்கம்தான்.

பெரியப்பா, காலை 10:52
ஒரு மனிதரின் பெயர் இருக்கும் கடையில், கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற எண்ணம் வருபவருக்கு வரும். அது வடிவானாலும் சண்முகமானாலும் பொருந்தும். ‘மலிவு’, ‘தள்ளுபடி’ என்று பெயரிலேயே போடுகிற கடைகளில் எனக்கு அந்த எண்ணம் வருவதில்லை.

ராஜா சித்தப்பா, காலை 11:10
‘மருந்தாளுநர் கவிதா, பி.பார்ம்’ என்று சிறிய பலகை ஒன்றைக் கல்லாவுக்கு மேலே மாட்டுங்கள், உரிமமும் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். அதில் வரும் நம்பிக்கை எந்தப் பெயரிலும் வராது. எந்தப் பெயரானாலும் உரிமம், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு, பில் புத்தகம் நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘வடிவு மருந்தகம்’ என்றே போடுவதா, ‘வடிவு மெடிக்கல்ஸ்’ என்பதா என்பதையும் இன்றே முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றினால் ஒவ்வோர் அலுவலகமாக ஏற வேண்டும்.

கவிதா, காலை 11:18
ஊரில் வாயில் வருவது மெடிக்கல்ஸ்தான் சித்தப்பா, தேடுபவர்களும் அப்படித்தான் தட்டுவார்கள். ஆனால் இரண்டு பெயராகிவிடுமோ என்று யோசிக்கிறேன். 35 ஆவது வகுப்பில் வடிவு என்று தேடிவிட்டு மதியம் சொல்கிறேன்.

அம்மா, காலை 11:20
குமாரிடம் நான் தனியாகப் பேசுகிறேன். அதுவரை யாரும் எதுவும் அச்சடிக்க வேண்டாம்.

பிரபு (ஷார்ஜா), காலை 11:41
வடிவுக்குக் கூட்டுத்தொகை ஐந்து வரவில்லை. கடைசியில் இன்னோர் எழுத்து சேர்த்துப் பார்க்கலாமா?

பாண்டி அண்ணன், காலை 11:43
இன்னோர் எழுத்துக்கு 14 அங்குலம் வேண்டும், பிரபு. இடமில்லை.

மீனா அத்தை, காலை 11:50
பாண்டி, கடைக்கு முன்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறதே, நீட்டுப் பலகையை அது மறைக்காதா?

பாண்டி அண்ணன், காலை 11:58
மறைக்கும் அத்தை. நாலு மணிக்கு ஏணியோடு போய் அட்டையில் மாதிரி கட்டிப் பார்க்கிறேன். குமார் மாமாவும் வண்டியில் வந்து 150 அடியில் நின்று பார்க்கட்டும், இரண்டு பெயரையும் எழுதி எடுத்து வருகிறேன்.

குமார் மாமா, மதியம் 12:04
வருகிறேன். ‘சண்முகா’வை முதலில் கட்டுங்கள்.