‘லீடர்-மெம்பர் எக்ஸ்சேஞ்ச்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வாசுகி:
அன்பர்களுக்கு வணக்கம். மேலாண்மைப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் வரும் ‘லீடர்-மெம்பர் எக்ஸ்சேஞ்ச்’ என்ற கோட்பாட்டுக்குத் ‘தலைவர்–உறுப்பினர் பரிமாற்றம்’ என்று எழுதினேன். படித்தால் சங்கத் தேர்தல் போல ஒலிக்கிறது. மேலாளருக்கு நெருக்கமானவர்களைச் சொல்லும் இன்-குரூப், மற்றவர்களைச் சொல்லும் அவுட்-குரூப் இரண்டுக்கும் சொல் வேண்டும். ஒரே மேலாளர், ஒரே அணி. ஆனால் ஆளுக்கு ஆள் உறவு வேறுபடுகிறது என்பதே இதன் சாரம்.

ரஃபீக்:
வாசுகி அம்மா, எங்கள் ஆலையில் ஒரு பிரிவின் ஆட்களை மூன்று மாதம் இன்னொரு பிரிவுக்கு அனுப்புவோம். ‘பணியாளர் பரிமாற்றம்’ என்றே பலகையில் எழுதுகிறோம். அதையே போடலாமே.

வாசுகி:
இங்கே ஆள் இடம் மாறுவதில்லை ஐயா. ஆனால் நீங்கள் அப்படிப் புரிந்துகொண்டதால், ‘பரிமாற்றம்’ வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

இளங்கோ:
சமூக உளவியலில் அகக்குழு, புறக்குழு ஏற்கெனவே புழங்குகின்றன. புதுச்சொல் எதற்கு? மேலாளர் தன் ஊர், தன் சாதி, தன் கல்லூரி ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறார். மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

மீனாட்சி:
> தன் ஊர், தன் சாதி, தன் கல்லூரி

இளங்கோ, இதில் பாதி சரி. 1993இல் வெளியான ஆய்வில் லைடன், வெய்ன், ஸ்டில்வெல் மூவரும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை முதல் வாரத்திலிருந்து ஆறு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். ‘இவர் என்னைப் போன்றவர்’ என்ற எண்ணமும் பிடித்துப்போவதும்தான் உறவை முன்கூட்டியே காட்டின. வயது, பால் போன்றவற்றில் இருவரும் உண்மையில் ஒத்திருந்தார்களா என்பது அவ்வளவாகக் காட்டவில்லை. முதல் ஐந்து நாளில் ஒருவர்மேல் ஒருவர் வைத்த எதிர்பார்ப்பே பின்னால் வரும் உறவுக்குத் தடம் போட்டிருந்தது.

ஆனால் ‘குழு’ என்ற சொல்தான் இடிக்கிறது. 1975இல் டான்செரோ, கிரேன், ஹாகா இதைத் தொடங்கியபோது ஆராய்ந்தது குழுவை அல்ல, இணைகளை: மேலாளரும் ஒரு பணியாளரும். ஒரு பல்கலைக்கழக விடுதி நிர்வாகத்தில் 60 மேலாளர்களை ஒன்பது மாதம் கவனித்தார்கள். ‘உங்கள் வேலையை மாற்றி அமைத்துக்கொள்ள மேலாளர் எவ்வளவு இடம் கொடுப்பார், சிக்கலில் தன் அதிகாரத்தை உங்களுக்காகப் பயன்படுத்துவாரா’ என்ற இரண்டு கேள்விகள்தான் அளவுகோல். நெருக்கமான ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசாதவர்களாகக்கூட இருக்கலாம். அதனால் அண்மையர், சேய்மையர் என்கிறேன். அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் நமக்குப் பழக்கம்தானே. எக்ஸ்சேஞ்ச் என்பதற்குக் கொடுக்கல்வாங்கல்.

ரஃபீக்:
இப்போது புரிகிறது அம்மா. என் கதையே இதுதான். என் ஷிப்டில் பதினோரு பேர். ஓர் இரவு பதினொன்றரைக்குப் பம்ப் சீல் ஒழுகியது. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஃபிட்டரைக் கூப்பிட்டேன், சைக்கிளில் வந்தார். அடுத்த முறையும் அவரையே கூப்பிட்டேன். பிறகு வரைபடம் படிக்கக் கற்றுக்கொடுத்தேன், உதிரிபாகப் பதிவேட்டைக் கையில் கொடுத்தேன், ஷட்டவுன் தேதியை முதலில் அவரிடம் சொன்னேன். பதவி உயர்வுக்குப் பெயர் கேட்டபோது அவர் பெயர்தான் வாயில் வந்தது. அலைன்மென்ட்டில் அவரைவிடக் கை தேர்ந்த மூத்தவர் ஒருவர் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தார். “ஷட்டவுன் தேதி எனக்கு மட்டும் பலகையைப் பார்த்துத்தான் தெரியணுமா சார்?” என்று அவர் கேட்ட அன்றுதான் எனக்கே உறைத்தது. நான் யாரையும் ஒதுக்கியதாக நினைக்கவே இல்லை.

மீனாட்சி:
ஐயா, அவர் நேரம் கொடுத்தார், நீங்கள் செய்தியும் பயிற்சியும் கொடுத்தீர்கள். பயிற்சி பெற்றவர் மேலும் திறமையானார். அதைப் பார்த்தால் முதல் தேர்வு திறமைக்காகவே நடந்தது போலத் தோன்றும். இது சத்தமில்லாமல் நடப்பதற்குக் காரணமும் அதுதான்: ஒவ்வொரு அடியும் அன்றைய வேலைக்கு நியாயமாகவே இருக்கிறது. இன்னொன்று, இரு பக்கமும் கேட்டால் விடை ஓரளவுதான் ஒத்துப்போகும். மேலாளர் ‘எல்லாரும் எனக்கு ஒன்றுதான்’ என்பார். கொடுக்கல்வாங்கலிலும் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். அதனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இளங்கோ:
இணை பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் கொடுக்கல்வாங்கல் என்றால் வட்டிக்கடன். அண்மையர் என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் என்றுதான் மாணவர் நினைப்பார். உள்வட்டம், வெளிவட்டம் என்றால் உடனே புரியும்.

மீனாட்சி:
புரியும், ஆனால் வட்டமும் குழுதானே. எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாசுகி:
ரஃபீக் ஐயா, உங்கள் ஆட்கள் இதை எப்படிச் சொல்வார்கள்?

ரஃபீக்:
‘சார் ஆளு’ என்பார்கள் அம்மா. மற்ற பத்துப் பேருக்குப் பெயர் ஒன்றும் கிடையாது.

வாசுகி:
நன்றி ஐயா. இந்த அத்தியாயத்தில் ‘தலைவர்–அணியர் கொடுக்கல்வாங்கல்’ என்று போட்டு, அண்மையர்–சேய்மையரையும் வைத்துப் பார்க்கிறேன். அந்த இரண்டு கேள்விகள் அளந்ததை ‘இடங்கொடை’ என்று எழுதலாமா? ‘இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்’ என்ற பழமொழி குறுக்கே வருமோ என்று தயங்குகிறேன். வெள்ளிக்குள் சொல்லுங்கள்.