குழந்தையின் சிகிச்சைக்கு நிதி திரட்டும்போது எந்தத் தலைப்பு வைப்பது?

தாய்மாமன்:
கும்பகோணத்தில் இருக்கும் என் தங்கையின் 9 மாதப் பெண் குழந்தைக்குப் பிறவியிலேயே பித்தநாளம் அடைத்திருந்ததால் கல்லீரல் கெட்டுவிட்டது. சென்னையில் மாற்று அறுவைக்கு 18 லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். தன் கல்லீரலின் ஒரு பகுதியைத் தர என் தங்கை முன்வந்திருக்கிறாள். இணையத்தில் நிதி திரட்ட நண்பர்கள் எழுதிக் கொடுத்த தலைப்பு இது: "உயிருக்குப் போராடும் பிஞ்சுக் குழந்தையைக் காப்பாற்றுங்கள், இன்னும் மூன்றே நாட்கள்!" மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. இதையே வைக்கலாமா, மாற்ற வேண்டுமா?

வாத்தியார்:
தம்பி, மாப்பிள்ளையின் கூச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் இது கூச்சப்படுகிற நேரம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது உதவிக் கோரிக்கைகள் வந்து விழுகிற வாட்ஸ்அப் குழுவில், மனத்தை உலுக்காத தலைப்பைத் தொட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் நேரமிருக்காது. குழந்தையின் பெயரையும் அப்பா பெயரையும் தலைப்பிலேயே போடுங்கள், "இன்னார் கடை வைத்திருக்கிறாரே, அவர் பேத்தியா!" என்று ஊர்க்காரர்கள் உடனே அடையாளம் கண்டு கொடுப்பார்கள்.

வார்டு வராந்தா:
மருத்துவமனையில் சமூகப் பணியாளராகப் பதினோரு ஆண்டுகளாக இருப்பதால் சொல்கிறேன்: அந்தத் தலைப்பில் முதலில் நீக்க வேண்டியது "மூன்றே நாட்கள்" என்பதைத்தான். உறவினர் கல்லீரல் தரும் அறுவை மூன்று நாளில் நடந்துவிடுவதில்லை. தாய்க்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சட்டப்படியான அனுமதி என்று பல படிகள் உள்ளன. இடையில் குழந்தைக்குச் சளிக் காய்ச்சல் வந்தாலே நாள் தள்ளிப்போகும். இரண்டு வாரம் கழித்து அதே இணைப்பு வேறு குழுவில் வரும்போதும் "மூன்றே நாட்கள்" என்றுதான் இருக்கும். விவரம் தெரிந்த ஒருவர் "இது மோசடி" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தக் குழுவில் அதற்குப் பிறகு யாரும் பணம் அனுப்ப மாட்டார்கள்.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். வாட்ஸ்அப்பில் இணைப்போடு தெரிகிற தலைப்பு, அனுப்பிய நேரத்தில் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொள்கிறது; நீங்கள் பக்கத்தைத் திருத்தினாலும் ஏற்கெனவே போன செய்திகள் பழைய தலைப்போடுதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

குழந்தையின் முழுப் பெயர் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். வாத்தியார் ஐயா சொல்கிற அடையாளம் ஊர் வட்டத்துக்குள் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அந்த வட்டத்துக்கு நீங்கள் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம். தலைப்பு தேவைப்படுவது, உங்கள் குடும்பத்தை அறியாத நான்காவது கை மனிதருக்கு. அவருக்குப் பெயர் எதையும் சொல்லாது. எந்த ஊர், என்ன வயது, என்ன சிகிச்சை என்பது சொல்லும். பித்தநாள அடைப்பு என்று எழுதினால் பலருக்கு விளங்காது, கல்லீரல் மாற்று என்றால் எல்லோருக்கும் விளங்கும். அந்தப் பெண் பதினைந்து வயதில் தன் பெயரைக் கூகுளில் தேடும்போது முதலில் எது வர வேண்டும் என்பதையும் மாப்பிள்ளை யோசித்திருப்பார் என நினைக்கிறேன்.

ஏரிக்கரை:
எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். ஊர் ஏரியைத் தூர்வார நிதி திரட்டியபோது "எங்கள் மண்ணைக் காப்போம்" என்று தலைப்பு வைத்தோம். ஏதோ கட்சிப் போராட்டம் என்று எண்ணி வெளியூர்க்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஏரியின் பெயரையும் "மதகு பழுதுபார்ப்பு, கரை உயர்த்தல்" என்பதையும் எழுதிய பிறகுதான், ஊரை விட்டுப் போனவர்கள் தேடி வந்து கொடுத்தார்கள். ஆகவே பெயர் போடுவதுதான் சரி.

வார்டு வராந்தா:
ஏரிக்குப் பெயர் போடலாம் ஐயா, ஏரி நாளைக்குப் பள்ளிக்கூடம் போகப் போவதில்லை.

தோகா தமிழன்:
தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை. சில தளங்கள் தலைப்பையே முகவரியாக்கிவிடும். அதை நகலெடுத்து ஒட்டினால் "க" என்ற ஒரே எழுத்து `%E0%AE%95` என்று ஒன்பது குறிகளாக நீளும். "கல்லீரல்" என்ற ஒரு சொல்லே 72 குறிகளை எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு முகவரியைப் பார்த்தால் என் அலுவலக நண்பர்கள் வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பேசாமல் ஆங்கிலத்திலேயே வைத்துவிடுங்கள், இங்கே இருக்கிற மலையாளிகளும் கொடுப்பார்கள்.

வார்டு வராந்தா:
முகவரியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஆனால் அதற்காகத் தலைப்பை ஆங்கிலமாக்க வேண்டியதில்லை. முகவரியைத் தனியாகக் கேட்கும் தளமாக இருந்தால் `liver-transplant-baby-kumbakonam` என்பது போலக் கொடுத்துவிட்டுத் தலைப்பைத் தமிழில் வைக்கலாம். தனியாகக் கேட்காத தளத்தில், முதலில் ஆங்கிலத் தலைப்போடு பக்கத்தைத் தொடங்கி, முகவரி உருவான பின் தமிழுக்கு மாற்றுவது பெரும்பாலும் பலிக்கும். யாருக்கும் அனுப்புவதற்கு முன் இதைச் செய்து முடிக்க வேண்டும்.

வாத்தியார்:
எல்லாம் சரி, ஆனால் நீங்கள் சொல்கிறபடி எழுதினால் அது அரசாங்கக் கோப்பின் பொருள் வரி போல இருக்கும். உண்மையையே சொல்லி மனத்தைத் தொட வழி இருக்கிறதே! "கும்பகோணம் 9 மாதக் குழந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை: தாயே கல்லீரல் தருகிறார்." இதில் கெஞ்சல் எங்கே இருக்கிறது, பொய் எங்கே இருக்கிறது?

தாய்மாமன்:
ஐயா, இது எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. இதையே வைத்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

வார்டு வராந்தா:
ஒரு நாள் பொறுங்கள். உங்கள் நண்பர்கள் எழுதியதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் என்னை அதிகம் உறுத்துவது இந்தத் தலைப்புத்தான். தாயின் பரிசோதனைகள் முடிந்துவிட்டனவா? கல்லீரலில் கொழுப்பு அதிகம் என்றோ, இரத்தக் குழாயின் அமைப்பு பொருந்தவில்லை என்றோ மருத்துவர்கள் அவரை ஒதுக்கினால், தந்தையோ சித்தியோ தர நேரிடலாம். அன்றைக்குத் தலைப்பு பொய்யாகிவிடும். அதைவிட முக்கியமானது, உறுப்பு தருகிறவர் அறுவை மேசைக்குப் போகும் நிமிடம் வரை "எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம்" என்று சொல்ல உரிமை உள்ளவர். அதனால்தான் அவரிடம் தனியாக, குடும்பத்தார் யாரும் இல்லாமல் பேசுகிறோம். ஆயிரம் பேர் படித்த தலைப்பில் அவர் தியாகத்தை அறிவித்துவிட்ட பிறகு, அந்தத் தனி அறையில் அவரால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்?

"அறுவை" என்ற சொல்லையும் "சிகிச்சை" என்று மாற்றுங்கள். மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்க அறுவைக்குப் பிறகும் தொடர்ந்து மருந்து வேண்டும். மிஞ்சிய பணத்தை அதற்குச் செலவழித்தால், "அறுவைக்குத்தானே கொடுத்தோம்" என்று யாரும் கேட்கக் கூடாது.

வாத்தியார்:
தாய் விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு நான் கட்டுப்படுகிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் பெயரே இல்லாத குழந்தைக்கு ஊர்க்காரன் கொடுப்பான் என்பதை என் மனம் இன்னும் ஏற்கவில்லை.

தாய்மாமன்:
தங்கையிடம் தனியாகக் கேட்டேன். "தலைப்பில் என்னைப் போடாதே அண்ணா" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்று மாலை "கும்பகோணம் 9 மாதக் குழந்தையின் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு" என்று பக்கத்தைத் தொடங்கிவிட்டோம். குழந்தையை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை உள்ளே விளக்கத்தில் சேர்த்திருக்கிறோம், தலைப்பில் இல்லை. ஊர்க் குழுவுக்கு மட்டும் வாத்தியார் ஐயா சொன்னபடி தாத்தாவின் கடையைக் குறிப்பிட்டு மாப்பிள்ளையே குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்.

தோகா தமிழன்:
முகவரி ஆங்கிலத்தில் சுருக்கமாக வந்திருக்கிறது, இங்கே குழுவில் போட்டுவிட்டேன். ஆங்கிலத்திலும் ஒரு வரித் தலைப்பு இருந்திருக்கலாம் என்பதே இப்போதும் என் கருத்து. மலையாளி நண்பர் ஒருவர் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத்தான் திறந்தார்.