புதுப்பிப்பு: டிஷ்வாஷர் வாடை, முக்கால்வாசி ஒழிந்தது

முன்பு நான் இங்கே கேட்டது: "கழுவி முடித்த பிறகும் கதவைத் திறந்தால் ஈரத்துணி வாடை. ஏன்?"

ஃபில்டரைத் திருகிக் கழற்றி, சோப்பும் பழைய டூத்பிரஷும் வைத்துத் தேய்த்தும் வாடை போகவில்லை. குற்றவாளி கதவின் அடி விளிம்பு: தண்ணீர் பீய்ச்சல் அங்கே எட்டாது. ரப்பர் மடிப்பை விரலால் பிரித்தால் கறுப்பாக, வழுவழுவென்று பிசுக்கு. சோப்புநீர்த் துணியால் மடிப்புக்குள் துடைத்தாயிற்று.

பதிலில் வினிகர் ஊற்றி ஓட்டினால் போதும் என்றவர் சொன்னது பாதி சரி. உப்புப்படிவு கரையும், எண்ணெய்ப் பிசுக்கு அசையாது. அதனால் டிடர்ஜெண்ட் மாத்திரையோடு காலியாக 70 டிகிரியில் ஒரு ஓட்டம். ஃபில்டரைத் திரும்ப இறுக்கிப் பூட்டுங்கள்; தளர்ந்திருந்தால் துணுக்குகள் பம்புக்குள் போகும்.

வாஷிங் மெஷினுக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டவருக்கு: கதவு ரப்பரைத் துடைப்பது அதற்கும் பொருந்தும், டிஷ்வாஷர் மாத்திரை வேண்டாம்.

மிச்ச வாடைக்கு வடிகுழாய் தாழத் தொங்குவது காரணமா? இன்னும் பார்க்கவில்லை.