கலைச்சொல்: சமையல் குறிப்பில் பொருட்பட்டியலுக்கு முன் வரும் ‘ஹெட்நோட்’

இளவேனில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்காக ஒரு நடைக்கையேடு தயாரித்து வருகிறேன். உணவின் பெயருக்கும் ‘தேவையான பொருட்கள்’ பட்டியலுக்கும் நடுவே நான்கைந்து வரியில் ஒரு பத்தி வரும். ஆங்கிலப் பதிப்பாசிரியர்கள் அதை ஹெட்நோட் என்கிறார்கள். ‘முன்னுரை’ என்று எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. முன்னுரை என்றதும் பலர் பள்ளிக் கட்டுரை நினைவில் உணவின் பெருமையிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். பட்டியலுக்கு வருவதற்குள் இரண்டு பக்கம் ஆகிவிடுகிறது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் சமைப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்வதுதான் அந்தப் பத்தியின் வேலை. எவ்வளவு நேரம் பிடிக்கும், முந்தின நாளே தொடங்க வேண்டுமா, வழக்கமான முறையிலிருந்து எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது. கதைக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் கதையாக அது இருக்க வேண்டும்.

அடிக்குறிப்புக்கு இணையாகத் ‘தலைக்குறிப்பு’ எனலாமா?

சேகர் எழுதியது:

இதற்கு எளிய தீர்வு ஏற்கெனவே இருக்கிறதே! பக்கத்தின் மேலே பொத்தான் ஒன்றை வைத்து, அழுத்தினால் நேராகப் பட்டியலுக்குப் போகும்படி செய்கிறார்கள். அதற்குத் ‘தாவல் சுட்டி’ என்று பெயர் வைக்கலாம். அது இருந்தால் மேலே கதை எவ்வளவு நீண்டாலும் யாருக்கும் தொல்லை இல்லை.

நஸ்ரின் எழுதியது:

சேகர், இளவேனில் கேட்பது அந்தப் பத்திக்கான பெயர். நீங்கள் சொல்வது அதைத் தாண்டிப்போகும் வழிக்கான பெயர். தாவினாலும் தொல்லை தீராது என்பதை நான் பட்டே அறிந்தேன்.

ஒருவர் எழுதியிருந்த ராஜ்மா சூப்பைச் செய்யப் போனேன். பொத்தானை அழுத்திப் பட்டியலுக்குத் தாவினேன். ‘ராஜ்மா 250 கிராம், தக்காளி 4’ என்று இருந்தது. முதல் படியில் ‘ராஜ்மாவைத் தக்காளியோடு சேர்த்து வேகவைக்கவும்’ என்று இருந்தது. இரண்டு மணி நேரம் வெந்தபின்னும் நகத்தால் அழுத்தினால் உள்ளே கரடாகவே இருந்தது. பிறகு மேலே போய்ப் படித்தால், நான்காவது பத்தியில், அவருடைய விடுமுறைப் பயணத்துக்கு நடுவே, இரவே ஊறவைத்ததாக ஒரு வரி. அதற்கடுத்த பத்தியில், தக்காளியைப் பயறு வெந்த பிறகே சேர்ப்பது வழக்கம் என்று இன்னொரு வரி. சூப்புக்கு வேண்டிய இரண்டு உயிரான செய்திகளும் நான் தாண்டிப்போன இடத்தில்தான் இருந்தன.

முத்தையா எழுதியது:

அன்புள்ள இளவேனில், இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘பாயிரம்’ இருக்கிறது. நன்னூல் தன் முதல் நூற்பாவிலேயே முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை, தந்துரை, புனைந்துரை, பாயிரம் என்று எட்டுப் பெயர்களை அடுக்குகிறது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் வழி, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை உண்டு. யாரிடமிருந்து வந்த முறை, என்ன உணவு, யாருக்கு ஏற்றது, செய்தால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் கேட்பவையும் இவைதானே?

இளவேனில் எழுதியது:

ஐயா, உங்கள் பட்டியலில் ‘வழி’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முறை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வரியில் சொல்வது நேர்மை. ஆனால் பாயிரம் நூல் முழுமைக்கும் முன்னால் நிற்பது. நூறு சமையல் குறிப்புள்ள புத்தகத்துக்கு நூறு பாயிரம் என்றால் காதுக்கு ஒட்டவில்லை.

நஸ்ரின் சொன்ன ராஜ்மா சூப்பையே எடுத்துக்கொண்டு, இப்படி எழுதிப் பார்த்தேன்:

“முந்தின இரவே தொடங்க வேண்டிய சூப் இது. ராஜ்மா எட்டு மணி நேரம் ஊற வேண்டும். மறுநாள் அடுப்பில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். என் அத்தை தக்காளியைக் கடைசியில்தான் சேர்ப்பார். ஒருமுறை அவசரத்தில் முதலிலேயே போட்டு, இரவுச் சாப்பாடு நடுநிசிக்குத் தள்ளிப்போனதிலிருந்து வந்த பழக்கம் அது. புளிப்பு சேர்ந்தால் பயறு மென்மையாகத் தாமதமாகும்.”

அத்தை இதில் இருக்கிறார், ஆனால் அவர் வந்தது தக்காளிக்காக. இனி இதே செய்திகள் கீழேயும் வர வேண்டும். பட்டியலில் ‘ராஜ்மா 250 கிராம், எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்தது’ என்றும், படிகளில் ‘பயறு நசுங்கும் அளவு வெந்தபின் தக்காளியைச் சேர்க்கவும்’ என்றும் எழுத வேண்டும். மேலே காரணம், கீழே கட்டளை.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். மேற்பத்தியைக் கையால் மறைத்துவிட்டு, கீழே இருப்பதை மட்டும் கொண்டு உணவைச் சரியாகச் செய்ய முடிகிறதா என்று பார்க்கிறேன். முடியவில்லை என்றால் ஏதோ ஒரு படி மேலே போய் ஒளிந்திருக்கிறது. பிறகு கீழ்ப்பகுதியை மறைத்துவிட்டு, ‘இதை இன்று செய்யலாமா?’ என்ற கேள்விக்கு மேற்பத்தி விடை சொல்கிறதா என்று பார்க்கிறேன். சொல்லவில்லை என்றால் அந்தக் கதைக்கு அங்கே வேலை இல்லை.

சேகர் எழுதியது:

இப்போது புரிகிறது. அப்படியென்றால் எச்சரிக்கைகளையும் தலைக்குறிப்பிலேயே வைத்துவிடலாம். எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தானே?

நஸ்ரின் எழுதியது:

பாதி சரி, சேகர். திட்டமிட உதவுகிற எச்சரிக்கை மேலே வரட்டும். கையில் கரண்டி இருக்கும்போது தேவைப்படுவது அந்தந்தப் படியிலேயே இருக்க வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியைக் கொண்டுவரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பாத்திரங்கள் சில அந்தக் கொதிநிலையை எட்டுவதே இல்லை. ஆகவே அதில் சமைக்கிறவரும் முதலில் அடுப்பில் கொதிக்கவிட வேண்டும். இதைத் தலைக்குறிப்பில் மட்டும் எழுதினால், தாவிப் போகிறவர் கண்ணில் படாது. நம் பத்திரிகைகளின் வழக்கப்படி கடைசியில் ‘குறிப்பு:’ என்று போட்டால், படிக்கும்போது சூப் மேசைக்கு வந்திருக்கும்.

இதில் பெயர்ச் சிக்கலும் இருக்கிறது. கீழே வருவதும் ‘குறிப்பு’, மேலே வருவதும் ‘குறிப்பு’, முழுவதற்கும் பெயர் ‘சமையல் குறிப்பு’. நான் ‘முகப்புரை’ என்பதை முன்வைக்கிறேன்.

முத்தையா எழுதியது:

முகப்புரை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘உரை’ என்று முடிந்தாலே எழுதுகிறவர் நீட்டிவிடுவார் என்பது இளவேனிலின் முதல் கவலை. அந்த வகையில் ‘குறிப்பு’ அளவைக் கட்டிப்போடுகிறது. பாயிரத்தை நான் விட்டுக்கொடுக்கவில்லை. புத்தகத்தின் முகப்பில் வரும் பொது உரைக்காவது அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சேகர் எழுதியது:

ஆவணங்களில் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திரும்பத் திரும்ப வரும் வரியையும் தலைக்குறிப்பு என்று எழுதக் கண்டிருக்கிறேன். பக்கம் வடிவமைக்கிறவர் குழம்புவார்.

இளவேனில் எழுதியது:

குழப்பம் உண்மைதான். கையேட்டின் முதல் வரைவில் ‘தலைக்குறிப்பு’ என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் ‘பொருட்பட்டியலுக்கு முன் வரும் பத்தி’ என்று விளக்கம் சேர்க்கிறேன். ‘முகப்புரை’யை மாற்றுச் சொல்லாகக் குறித்துவைக்கிறேன். பாயிரம் புத்தகத்தின் முன்பகுதிக்குப் போகிறது, ஐயா. தாவல் சுட்டிக்குத் தனி இழை தொடங்குங்கள், சேகர். நஸ்ரின், உங்கள் 30 நிமிடக் கொதியை ராஜ்மா சூப்பின் இரண்டாம் படியாகச் சேர்த்துவிட்டேன். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவது முதல் படி.