தூக்கு விளக்கு மாட்டிய அனுபவம்: ஒரே பக்கம் சொட்டிய எண்ணெய்

கும்பகோணத்து வீட்டுக்காரி

எங்கள் பூஜை அறை வாசலில் மாமியார் காலத்துப் பித்தளைத் தூக்கு விளக்கு தொங்குகிறது. மேலே ஒரே சங்கிலி, கீழே மூன்றாகப் பிரிந்து ஐந்து முகத் தட்டைத் தாங்கும். புது வீட்டில் மாட்டி எட்டு மாதம்வரை ஒரு வம்பும் இல்லை. அப்புறம் தரையில் எண்ணெய்ப் பொட்டு விழ ஆரம்பித்தது. தினமும் அதே இடம், டைல்ஸில் ஒரு ரூபாய் நாணய அளவு. திரி சரியில்லை என்று திரியை மாற்றினேன். எண்ணெய் அதிகம் என்று குறைத்து ஊற்றினேன், நின்றது. கார்த்திகைக்கு நிறைய ஊற்றினேன், மறுபடி சொட்டியது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பெயர் வேண்டாம்

எங்கள் வீட்டிலும் ஹாலில் பித்தளை விளக்கு தொங்குகிறது. ஹோல்டர் சூடாகி வயர் உருகிவிட்டது. எல்.இ.டி. பல்பு போட்ட பிறகு பிரச்சினை இல்லை.

கும்பகோணத்து வீட்டுக்காரி

இது எண்ணெய் விளக்குங்க. கரண்ட் கிடையாது.

பட்டறைக்காரர்

முப்பது வருஷம் பித்தளை விளக்குப் பட்டறையில் இருந்தவன். சொட்டு எப்போது விழுகிறது, எங்கே விழுகிறது என்று பாருங்கள் அம்மா, பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

விளக்கு அணைந்த பிறகு, ஒரு முகத்துக்கு நேர் கீழே விழுந்தால் அது திரியின் வேலை. திரியின் நுனி எண்ணெய் மட்டத்தைவிடத் தாழ்ந்து வெளியே தொங்கினால், எரியாத நேரத்தில் அதுவே எண்ணெயை உறிஞ்சி இறக்கிவிடும். அணைத்ததும் திரியை உள்ளே இழுத்துவிட்டால் நின்றுவிடும். நட்ட நடுவில், அடிக்குமிழிலிருந்து விழுந்தால் மரை ஒழுகுகிறது. தட்டும் குமிழும் தனித்தனியாகத் திருகும் விளக்கில் சூடேறிய எண்ணெய் இளகி மரை வழியே இறங்கும். கழற்றித் துடைத்து, குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் மூன்று சுற்றுச் சுற்றித் திருகினால் போதும்.

எரியும்போதும் அணைந்த பிறகும் ஒரே பக்கமே விழுகிறது, எண்ணெய் குறைந்தால் நிற்கிறது என்றால், விளக்கு சாய்ந்திருக்கிறது. திரியைக் கழற்றி, பாதித் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றி, ஐந்து முகத்திலும் ஈர்க்குச்சி விட்டு ஆழம் பாருங்கள்.

சிவில் படித்தவன்

சாய்ந்திருந்தால் சீலிங் கொக்கிதான் காரணம். கொக்கியைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். பிளாஸ்டிக் பிளக் அடித்து ஸ்குரூ கொக்கி போட்டிருந்தால் போதும், 20 கிலோ தாங்கும் என்று கவரிலேயே போட்டிருப்பான். விளக்கு மூன்று கிலோகூட இருக்காது.

பட்டறைக்காரர்

தம்பி, மேல் கொக்கி எப்படித் திரும்பினாலும் ஒற்றைச் சங்கிலியில் தொங்கும் விளக்கு சாயாது. எடை எங்கே இருக்கிறதோ அங்கே நேராக வந்து நிற்கும். சாய்வு கீழே மூன்றாகப் பிரியும் இடத்தில் வருவது. அந்த 20 கிலோ கணக்கும் பெரும்பாலும் சுவருக்கு. சுவரில் எடை பிளக்கைக் குறுக்கே அழுத்தும், தளத்தில் நேராகக் கீழே உருவும். பூச்சுக் கனத்தைக் கழித்தால் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்து ஆள்

எங்கட வீட்டுச் சாமி அறையில தூண்டாமணி விளக்கு இருக்கு. எண்ணெய் தானா இறங்கி வாறது. அது வருஷக்கணக்கா சொட்டினது. அம்மா கீழ ஒரு பித்தளைத் தட்டு வைச்சு, சேர்ற எண்ணெயைத் திரும்ப விளக்கிலயே ஊத்துவா. திருத்தவே இல்லை. சொட்டு இருந்தாத்தான் விளக்கு உயிரோட இருக்கு எண்டு சொல்லுவா.

கும்பகோணத்து வீட்டுக்காரி

ஈர்க்குச்சி வைத்துப் பார்த்தேன். வாசல் பக்க முகத்தில்தான் ஆழம் அதிகம், எதிர்ப்பக்கத்து முகங்களைவிடக் கிட்டத்தட்ட நான்கு மில்லிமீட்டர். அந்தப் பக்கச் சங்கிலியை விரலால் தடவிக்கொண்டே போனேன். மேலிருந்து மூன்றாவது கண்ணி வாய் பிளந்திருக்கிறது! கம்பியை வளைத்து நுனியோடு நுனி சேர்த்திருக்கிறார்கள், பற்றவைக்கவே இல்லை. நகம் நுழைகிறது. பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது. பேத்தி அதன் கீழேதான் உட்கார்ந்து பாடம் படிப்பாள்.

பட்டறைக்காரர்

நினைத்தேன். முதலில் விளக்கை இறக்குங்கள். மலிவுச் சங்கிலிகளில் இதுதான் கதை. கண்ணி அறுவதில்லை, மெதுவாக விரியும். ஒன்று விரிந்தால் மற்றவையும் அதே கம்பிதானே. குறடால் நெருக்கிவிட்டால் ஒரு மாதம் வரும், மறுபடி விரியும். மூன்று சங்கிலியிலும் ஒவ்வொரு கண்ணியையும் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது வார்ப்புக் கண்ணி வாங்கிப் போடுங்கள். மேலே மாட்டுகிற எஸ் கொக்கி இருந்தால் அதையும் தூக்கி எறியுங்கள். துடைக்கிறேன் என்று விளக்கைக் கொஞ்சம் மேலே தூக்கினாலே எஸ் கொக்கி கழன்றுகொள்ளும்.

கும்பகோணத்து வீட்டுக்காரி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

சங்கிலியைப் பற்றவைத்து வாங்கினோம். பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். விளக்கும் சங்கிலியும் 3 கிலோ 400, எண்ணெய் ஊற்றினால் இன்னொரு 150 கிராம். மாட்டும் முன் கொல்லை மாமரத்தில் சங்கிலியை மட்டும் கட்டி, அதன் மூன்று நுனியிலும் சேர்த்து 12 லிட்டர் தண்ணீர் வாளியை ஓர் இரவு தொங்கவிட்டோம். காலையில் ஒரு கண்ணியும் விரியவில்லை.

அப்புறம் சீலிங். மேஸ்திரி ஏணியில் ஏறிப் பழைய கொக்கியைக் கையால் சுற்றினார், அது சுற்றியது! ஸ்குரூ இரண்டு மரை அளவு கீழே இறங்கியிருந்தது. எட்டே மாதத்தில். அந்த ஓட்டையை விட்டுவிட்டு நான்கு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போட்டார். முதலில் பூச்சு பொலபொலவென்று சீக்கிரம் கொட்டியது, பிறகு சாம்பல் தூள் வந்து மிஷின் திணறியது. அதற்குப் பிறகுதான் கான்கிரீட், அங்கிருந்துதான் ஆழம் அளக்க வேண்டும் என்றார். நடுவில் கம்பியில் தட்டியது, இரண்டு அங்குலம் நகர்ந்து மறுபடி போட்டார். ஃபேன் பெட்டியிலிருந்து சுவிட்ச் போர்டுக்கு வயர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். இறுக்க இறுக்க உள்ளே விரியும் 8 மில்லிமீட்டர் இரும்பு போல்ட், முனையில் வாய் மூடிய வளையம். மூடிய வளையத்தில் சங்கிலியை நேராகக் கோக்க முடியாது என்பதால் திருகி மூடும் இணைப்பு ஒன்று. அதே வாளியை அதிலும் தொங்கவிட்ட பிறகே விளக்கு ஏறியது.

தட்டின் கீழே சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்றை மூன்று மெல்லிய கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை அதில் விழுந்தது திரி இழுக்க மறந்த இரண்டு நாளின் எண்ணெய் மட்டும்.

சிவில் படித்தவன்

கொக்கி விஷயத்தில் நான் சொன்னது தப்பு, சரி. ஆனால் ஃபேன் கொக்கி இருந்தால் அதில் மாட்டுவது நல்லதுதானே? தளம் போடும்போதே கம்பியோடு கட்டியது.

பட்டறைக்காரர்

பலத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் அது அறையின் நடுவில் இருக்கும், விளக்கு அங்கே வேண்டுமா என்பது உங்கள் வீடு. பக்கத்தில் இன்னொரு ஃபேன் ஓடினால் சுடர் ஆடும், சங்கிலி முறுக்கும்.

காரைக்குடி பெண்

எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரம். அதில் பழைய ஊஞ்சல் வளையம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ஊஞ்சலில் நான்கு பேர் ஆடுவார்களாம். அதில் விளக்கு மாட்டலாமா?

பட்டறைக்காரர்

நான்கு பேரைத் தாங்கியது விளக்கைத் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். வளையத்தின் உள்பக்க அடியை விரலால் தடவுங்கள். ஊஞ்சல் சங்கிலி உரசித் தேய்ந்து அங்கே பள்ளம் விழுந்திருக்கும். அங்கே மிச்சமிருக்கும் கனம் மற்ற இடத்தின் கனத்தில் பாதிகூட இல்லையென்றால் வேண்டாம். வளையத்தின் காம்பு மரத்தில் நுழையும் இடத்தில் கறையான் மண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காரைக்குடி பெண்

பள்ளம் இருக்கிறது, பாதி அளவா என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணன் மாட்டலாம் என்கிறான், அம்மா கூடாது என்கிறாள். இப்போதைக்கு விளக்கு முக்காலி மேல் இருக்கிறது.