நீண்ட வரிகளில் உறைந்து நிற்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்: உதவி தேவை

வணக்கம். ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியும் சொற்களும் ஒற்றை இடைவெளிகளும் மட்டுமே கொண்டதா என்று சோதிக்கும் பைதான் 3.8 நிரல் ஒன்றில் இந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறேன்:

```
^(\w+\s?)*$
```

பொருந்தும் வரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் நொடியில் முடிகிறது. ஆனால் நீண்ட வரியின் இறுதியில் ஓர் ஆச்சரியக்குறி இருந்துவிட்டால், பிழைச்செய்தி எதுவுமின்றி நிரல் அப்படியே நின்றுவிடுகிறது. கோப்பைப் படிப்பதில்தான் கோளாறு என்று முதலில் வீணாகத் தேடினேன். பிறகு `a` என்ற எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசியில் `!` வைத்துச் சோதித்தபோது, எழுத்து ஒன்று கூடும்போதெல்லாம் நேரம் ஏறத்தாழ இரட்டித்தது.

`\s?` கட்டாயமில்லை என்பதால், 25 எழுத்துகளின் நடுவிலுள்ள 24 இடங்களில் ஒவ்வொன்றிலும் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். ஆக 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிப்புகளை முயன்ற பிறகே அது தோல்வியை ஒப்புக்கொள்கிறது. எனவே இப்படி மாற்றினேன்:

```
^\w+(?:\s\w+)*\s?$
```

இப்போது உடனே முடிகிறது. வெற்று வரி இனிப் பொருந்தாது என்பதைத் தவிர, இரண்டுக்கும் வேறு வித்தியாசம் உண்டா? பின்வாங்கலைத் தடுக்கும் `(?>...)` பைதான் 3.11 முதல்தான் கிடைக்கிறது. எங்கள் பதிப்பை இப்போதைக்கு உயர்த்த இயலாது. நிரலில் இன்னும் நாற்பது வடிவங்கள் இருப்பதால், இத்தகையவற்றை முன்கூட்டியே கண்டறியும் வழி தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.